மூன்று முகடு வரைபடத்தில் வேகத்தைத் தீர்மானிக்கும் படி எது? விடை 2 என்கிறார்கள், எனக்கு 3 வருகிறது

யாழினி_வேதி

மாதிரித் தேர்வில் வந்த கேள்வி. மூன்று படியில் நடக்கும் ஒரு வினை, செங்குத்து அச்சில் கிப்ஸ் ஆற்றல். படத்திலிருந்து உயரங்களை எடுத்து எழுதியிருக்கிறேன், எல்லாம் மோலுக்குக் கிலோஜூலில்:

```
தொடக்கப் பொருள்     0
முகடு 1            70
பள்ளம் 1           40
முகடு 2            85
பள்ளம் 2          -20
முகடு 3            60
விளைபொருள்        -45
```

முகடு மூன்று இருப்பதால் டிரான்சிஷன் ஸ்டேட் மூன்று. நடுவில் பள்ளம் இரண்டு இருப்பதால் இடைநிலைப் பொருள் இரண்டு. இதுவரை குழப்பம் இல்லை.

வேகத்தைத் தீர்மானிக்கும் படி எது என்று கேட்டிருந்தார்கள். ஒவ்வொரு படிக்கும் ஏற்றத்தைக் கணக்குப் போட்டேன். முதல் படி 70, இரண்டாவது 85-லிருந்து 40 போக 45, மூன்றாவது -20-லிருந்து 60 வரை 80. பெரியது 80, அதனால் மூன்றாவது படி என்று எழுதினேன். விடைத்தாளில் இரண்டாவது படி என்று இருக்கிறது. இருப்பதிலேயே சின்ன ஏற்றம் உள்ள படி எப்படி மெதுவான படியாக இருக்க முடியும்? அச்சுப் பிழையா?

சதீஷ்_கே

அச்சுப் பிழை இல்லை. ஒவ்வொரு படியாகக் கழித்துக்கொண்டிருக்க வேண்டாம். படத்தில் எந்த முகடு எல்லாவற்றையும் விட உயரம் என்று பாருங்கள். 85, அது இரண்டாவது படியில் இருக்கிறது. முடிந்தது. தேர்வில் 10 விநாடி வேலை. நான் எல்லாக் கணக்குக்கும் இப்படித்தான் போடுகிறேன், எப்போதும் சரியாக வரும்.

பாலாஜி_92

எனக்கு ஒன்று புரியவில்லை. விளைபொருள் -45, அதாவது ஆற்றல் வெளியே வருகிற வினை. அப்படியானால் அது தானாகவே வேகமாகத்தானே நடக்கும்? முகடுகளை ஏன் பார்க்க வேண்டும்?

முகில்_இயக்கவியல்

பாலாஜி, விளைபொருள் எவ்வளவு கீழே இருக்கிறது என்பது வினை எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்லும், எவ்வளவு நேரத்தில் என்பதைச் சொல்லாது. ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் கலந்து அறை வெப்பநிலையில் வைத்தால் பொறி படும்வரை அப்படியே கிடக்கும். தண்ணீர் அதைவிட எவ்வளவோ கீழே இருக்கிறது, ஆனாலும் நடக்காது. அதைத் தனி இழையில் பேசலாம்.

யாழினி, உங்கள் கேள்வி நல்ல கேள்வி. "சின்ன ஏற்றம் உள்ள படி எப்படி மெதுவான படி" என்பதை எண்ணோடு பார்த்தால்தான் தெளியும். 25 டிகிரி செல்சியஸில் ஒரு ஏற்றத்துக்கு எவ்வளவு வேகம் என்பதற்கு ஐரிங் சமன்பாடு இருக்கிறது:

```
k = (kB·T/h) · exp(-ΔG‡/RT)
298 K-ல் kB·T/h ≈ 6.2 × 10^12 நொடிக்கு, RT ≈ 2.48 கிலோஜூல்/மோல்
```

பள்ளம் 1-ல் இறங்கிய ஒரு மூலக்கூறை மட்டும் கவனியுங்கள். அது 40-ல் நிற்கிறது. முன்னால் போக 45 ஏற வேண்டும், வந்த வழியே திரும்ப 30 ஏறினால் போதும். இரண்டுக்கும் வித்தியாசம் 15. அந்த 15-ஐ exp-க்குள் போட்டால் சுமார் 426 வருகிறது. அதாவது ஏறக்குறைய 426 மூலக்கூறு தொடக்கத்துக்கே திரும்பினால் ஒன்றுதான் இரண்டாவது முகட்டைத் தாண்டும்.

முதல் முகட்டின் 70-க்கு k எவ்வளவு? நொடிக்கு 3.3. மூலக்கூறுகள் முதல் முகட்டை நொடிக்குப் பல முறை தாண்டத்தான் செய்கின்றன. ஆனால் தாண்டியதில் 427-ல் ஒன்றுதான் மிஞ்சும். 3.3-ஐ 427-ஆல் வகுத்தால் 0.0078. இப்போது நேரடியாகத் தொடக்கத்திலிருந்து முகடு 2 வரை உள்ள 85-ஐ ஐரிங்கில் போட்டுப் பாருங்கள், அதே 0.0078 வரும். நீங்கள் 45 என்று கணக்கிட்ட ஏற்றம் உண்மைதான், ஆனால் அது பள்ளம் 1-ல் ஏற்கனவே நிற்கிற மூலக்கூறுக்கான ஏற்றம். அங்கே நிற்பதே ஒரு சிலதான். அந்தப் பற்றாக்குறையையும் சேர்த்தால் 85.

யாழினி_வேதி

இரண்டு வழியிலும் அதே எண் வருகிறது என்பது புரிகிறது சார். அப்படியானால் பள்ளம் 1 எங்கே இருக்கிறது என்பது கணக்கிலேயே வரவில்லையே? அதை 20-க்கு இறக்கினாலும் 60-க்கு ஏற்றினாலும் அதே 85-தானா?

முகில்_இயக்கவியல்

அதேதான். 60-க்கு ஏற்றினால் இரண்டாவது படியின் சொந்த ஏற்றம் வெறும் 25 ஆகிவிடும், ஒட்டுமொத்த வேகம் இம்மியும் மாறாது. முன்னால் போவது சுலபமாகிற அதே அளவு, அங்கே நிற்கிற ஆள் குறைந்துவிடும். பள்ளம் 1 தொடக்கத்தை விட மேலே இருக்கும்வரை இதுதான் நிலைமை. அந்த நிபந்தனையை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் சதீஷின் 10 விநாடி வழி அந்த இடத்தில்தான் வழுக்கும்.

சதீஷ்_கே

எங்கே வழுக்குகிறது? உயர்ந்த முகடுதானே எப்போதும் தடை?

முகில்_இயக்கவியல்

ஒரே ஒரு எண்ணை மாற்றுகிறேன். பள்ளம் 2-ஐ -20-லிருந்து -40-க்கு இறக்குங்கள். மற்றதெல்லாம் அப்படியே. உயர்ந்த முகடு இன்னும் 85, இரண்டாவது படியில்தான். ஆனால் இப்போது பள்ளம் 2-லிருந்து முகடு 3-க்கு ஏற்றம் 100. முகடு 2-ஐ ஒருமுறை தாண்டிய மூலக்கூறு -40-ல் விழுந்து அங்கே தங்கிவிடும். அதற்கு 85 என்ற பழைய உயரம் எல்லாம் கடந்த கதை. இனி அது ஏற வேண்டியது 100. ஆக மூன்றாவது படிதான் விளைபொருளைத் தாமதப்படுத்துகிறது, அதன் முகடு 60-தான் என்றாலும்.

முகட்டின் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து அளக்காதீர்கள், அடிவாரத்திலிருந்து அளங்கள். அடிவாரம் என்பது அந்த முகட்டுக்கு முன்னால் வந்தவற்றில் மிகத் தாழ்ந்த இடம். ஒவ்வொரு முகட்டுக்கும் இப்படி அளந்து எது பெரியதோ அதுதான் நீங்கள் தேடுவது. யாழினியின் படத்தில் முகடு 1-க்கு அடிவாரம் 0, ஏற்றம் 70. முகடு 2-க்கும் அடிவாரம் 0-தான், பள்ளம் 1 அதைவிட மேலே இருப்பதால். ஏற்றம் 85. முகடு 3-க்கு அடிவாரம் -20, ஏற்றம் 80.

எந்த இடைநிலைப் பொருளும் தொடக்கத்தை விடக் கீழே போகாத படங்களில் சதீஷின் வழி சரியாக வரும். பாடப்புத்தகப் படங்களில் பெரும்பாலானவை அப்படித்தான் இருக்கும், அதனால்தான் அவருக்கு எப்போதும் சரியாக வந்திருக்கிறது.

சதீஷ்_கே

சரி, -40 விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தேர்வில் யாரும் இப்படி வைப்பதில்லை.

யாழினி_வேதி

வைத்திருக்கிறார்களே, இந்தக் கேள்வியிலேயே பள்ளம் 2 தொடக்கத்துக்குக் கீழேதானே இருக்கிறது 🙂

டைட்ரேஷன்_ராணி

இந்த இழையைப் படித்ததும் எங்கள் லேப் நினைவு வந்தது. அசிட்டோனில் அமிலம் சேர்த்து அயோடின் போட்டு வேகம் அளப்பார்களே, அது. அயோடின் செறிவை இரண்டு மடங்காக்கினேன், வேகம் துளியும் மாறவில்லை. அமிலத்தை இரண்டு மடங்காக்கினால் வேகமும் இரண்டு மடங்கு. நேரத்துக்கு எதிராக அயோடினின் நிறத்தை வரைந்தால் வளைவே இல்லாமல் நேர்கோடாக இறங்கி, கடைசியில் சட்டென்று நிறமே போய்விடும். வினைபடும் பொருள் ஒன்று வேகத்தில் இல்லவே இல்லை என்பது எனக்கு அப்போது விசித்திரமாக இருந்தது. இதற்கும் இந்தப் படத்துக்கும் தொடர்பு உண்டா, அல்லது வேறு விஷயத்தைக் கொண்டுவந்து நுழைக்கிறேனா?

முகில்_இயக்கவியல்

நுழைக்கவில்லை, அது ஏறக்குறைய இதே படம்தான். முதலில் அசிட்டோனின் ஆக்சிஜன் ஒரு புரோட்டானை வாங்கிக்கொள்கிறது. அது வேகமாக நடக்கும், அதே வேகத்தில் திரும்பியும் போகும். பள்ளம் 1 அதுதான், தொடக்கத்தை விட மேலே. அடுத்து பக்கத்துக் கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜன் கழன்று ஈனால் உருவாகிறது. உயர்ந்த முகடு இங்கே. அதன் பிறகுதான் ஈனாலும் அயோடினும் சந்திக்கின்றன, அந்த முகடு சிறியது.

அயோடின் படத்துக்குள் நுழைவதே பெரிய முகட்டுக்கு அந்தப் பக்கம். அது எவ்வளவு இருந்தாலும் முகட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிற கூட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. அமிலம் முகட்டுக்கு முன்னாலேயே நுழைகிறது, அதனால் வேகத்தில் தெரிகிறது. அயோடினுக்குப் பதில் புரோமின் போட்டாலும் அதே வேகம் வரும். அசிட்டோனின் ஹைட்ரஜன்களை டியூட்டீரியமாக மாற்றினால் வேகம் நன்றாகக் குறையும், ஏனென்றால் அந்தப் பிணைப்பு உடைவது முகட்டிலேயே நடக்கிறது.

பென்சீன் நைட்ரேற்றத்தில் இதற்கு நேர் எதிர். அங்கேயும் கடைசியில் ஒரு ஹைட்ரஜன் போகத்தான் வேண்டும், ஆனால் மெலாண்டர் டிரிட்டியம் வைத்துப் பார்த்தபோது வேகம் குறையவில்லை. ஹைட்ரஜன் கழல்வது பெரிய முகட்டைத் தாண்டிய பிறகு என்று அதிலிருந்துதான் தெரிந்தது.

டைட்ரேஷன்_ராணி

அப்படியானால் கடைசியில் நிறம் போகும் இடத்தில், அயோடின் மிகக் குறைவாக இருக்கும்போதும் இதேதானா?

முகில்_இயக்கவியல்

சரியான இடத்தைப் பிடித்தீர்கள். இல்லை. அயோடின் மிக மிக நீர்த்துப்போனால் ஈனால் அயோடினைச் சந்திப்பதற்குள் திரும்ப அசிட்டோனாகிவிடும். அப்போது மூன்றாவது படி தீர்மானிக்க ஆரம்பிக்கும், அயோடினும் வேகத்தில் தெரியும். லேப்பில் எடுக்கிற செறிவில் அது கண்ணுக்குப் படாது.

படத்தைப் படிக்கும்போது பலரும் கோட்டை விடுவது இங்கேதான். படத்தில் வரைந்த உயரம் எல்லாப் பொருளும் லிட்டருக்கு 1 மோல் செறிவில் இருப்பதாக எடுத்துக்கொண்டு வரைந்தது. யாழினியின் இரண்டாவது படியில் வெளியிலிருந்து ஒரு பொருள் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் செறிவு 0.01 என்றால் முகடு 2 நடைமுறையில் RT ln 100, அதாவது 11.4 உயர்ந்துவிடும். 85 என்பது 96 ஆகும். அதையே 10-க்கு ஏற்றினால் 5.7 இறங்கி 79 ஆகும், அப்போது மூன்றாவது படியின் 80 முந்திக்கொள்ளும். படம் ஒன்றுதான், குடுவையில் எவ்வளவு ஊற்றினோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

யாழினி_வேதி

எனக்கு இன்னொரு சந்தேகம். 85-க்கும் 80-க்கும் 5-தான் வித்தியாசம். விடை 2 என்று அடித்துச் சொல்ல அது போதுமா?

சதீஷ்_கே

போதும். ஒரு மதிப்பெண் கேள்விக்கு ஒரு விடைதான். 85 பெரியது.

முகில்_இயக்கவியல்

தேர்வுக்குப் போதும். குடுவைக்குப் போதுமா என்பது வேறு. 5 கிலோஜூல் என்றால் 25 டிகிரியில் ஏழரை மடங்கு. தொடக்கப் பொருள் தீர்வதற்கான k 0.0078, பாதி தீர ஒன்றரை நிமிடம். பள்ளம் 2-லிருந்து வெளியேறுவதற்கான k 0.059, பாதி தீர 12 நொடி. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் வினைகளாகப் போட்டால், ஆரம்பித்துச் சுமார் 40 நொடியில் மொத்தத்தில் 10 சதவீதம் பள்ளம் 2-ல் உட்கார்ந்திருக்கும். அது சின்ன அளவு இல்லை. என்எம்ஆரில் தனிக் குறியாகவே பார்க்கலாம்.

அதே நேரம் பள்ளம் 1 கண்ணில் படவே படாது. அதிலிருந்து திரும்பும் ஏற்றம் 30-தான், ஆயுள் சுமார் 30 நானோநொடி. இரண்டுமே இடைநிலைப் பொருள்தான், ஆனால் ஒன்றைப் பிடித்து வைக்கலாம், மற்றதைக் கணக்கில் ஊகிக்கத்தான் முடியும். அறை வெப்பநிலையில் 40 நொடி விட்டு, உடனே குடுவையை -78 டிகிரிக்குக் குளிர்வித்தால், 80 என்ற ஏற்றம் மாறாது என்று வைத்துக்கொண்டால், பள்ளம் 2-ன் அரை ஆயுள் ஆண்டுக்கணக்கில் போய்விடும். முதலிலேயே குளிர்வித்தால் பயனில்லை, 85-ஐத் தாண்டி யாரும் அங்கே வந்தே சேர மாட்டார்கள்.

என்னைக் கேட்டால் "தீர்மானிக்கும் படி" என்று ஒன்றைச் சுட்டுவதை விட, ஒவ்வொரு முகட்டையும் கொஞ்சம் இறக்கிப் பார்ப்பது நேர்மையான வழி. முகடு 1-ஐ 10 இறக்குங்கள், 85 அப்படியே இருக்கும், ஒன்றும் ஆகாது. முகடு 3-ஐ 10 இறக்கினால் பள்ளம் 2-ல் தேங்குவது குறையும், தொடக்கப் பொருள் தீரும் வேகம் மாறாது. முகடு 2-ஐ 10 இறக்கினால் வேகம் ஏறும், ஆனால் முழுப் பலன் கிடைக்காது. 75 ஆனதும் மூன்றாவது படியின் 80 வந்து குறுக்கே நின்றுவிடும். வினையூக்கி தேடுகிறவர்களுக்கு இது காசு போடும் முன் தெரிய வேண்டிய விஷயம்.

சதீஷ்_கே

எந்த வேகத்தை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தா விடை? தொடக்கப் பொருள் தீரும் வேகமா, விளைபொருள் வரும் வேகமா? இரண்டும் ஒன்றுதானே இருக்க வேண்டும்?

முகில்_இயக்கவியல்

தேக்கம் இல்லாவிட்டால் ஒன்றுதான். இங்கே முதல் ஒரு நிமிடத்துக்கு ஒன்றில்லை. விளைபொருள் ஆரம்பத்தில் தயங்கித்தான் ஏறும். அந்த நேரத்தில் "எது தீர்மானிக்கிறது" என்ற கேள்விக்கு ஒரே ஒரு படி விடையாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

சதீஷ்_கே

அந்த அளவுக்குப் போனால் கேள்வியே தப்பு என்றுதான் சொல்ல வேண்டும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நீண்ட நேரத்துக்குப் பார்த்தால் 2-தான்.

நந்தா_கணிப்பு

இடையில் வருகிறேன். கணினியில் ஒரு வினைப் பாதையைக் கணக்கிட்டேன். இரண்டு முகட்டுக்கு நடுவே ஒரு குழி வருகிறது, ஆழம் வெறும் 2 கிலோஜூல். அதிர்வெண் கணக்கில் இரண்டு பக்க முகட்டுக்கும் ஒவ்வொரு கற்பனை அதிர்வெண், குழியில் ஒன்றுகூட இல்லை. ஆக விதிப்படி அது இடைநிலைப் பொருள், வினை இரண்டு படி. எங்கள் குழுவில் ஒருவர் அதை ஒரே படி என்றே எழுதச் சொல்கிறார். இந்த இழையில் பேசுகிற பள்ளம் கணக்கில் இது சேருமா?

முகில்_இயக்கவியல்

அந்த 2 வெறும் மின்னணு ஆற்றலா, அல்லது பூச்சிய நிலை ஆற்றலும் என்ட்ரோபியும் சேர்த்ததா? முகட்டில் ஒரு அதிர்வு காணாமல் போகிறது என்பதால், திருத்தம் சேர்த்ததும் முகடு குழியை விடவே கீழே போய்விடுவது உண்டு. அப்படி ஆனால் அங்கே பள்ளம் என்று ஒன்று இல்லை.

திருத்திய பிறகும் 2 மிஞ்சினாலும் அறை வெப்பநிலையில் RT அதைவிடப் பெரியது. ஐரிங்கில் போட்டால் ஆயுள் ஒரு பைக்கோநொடியில் பாதிகூட வராது. அந்த இடத்தில் சமன்பாட்டின் அடிப்படையையே நம்ப முடியாது, மூலக்கூறு நின்று மூச்சு விடாமல் அப்படியே வழுக்கிக்கொண்டு போகலாம். அதை இடைநிலைப் பொருள் என்று அழைப்பதா என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து. நான் அழைக்க மாட்டேன்.

நந்தா_கணிப்பு

2 என்பது மின்னணு ஆற்றல் மட்டும்தான். திருத்தம் இன்னும் போடவில்லை. ஆனால் குழியில் கட்டமைப்பு சமச்சீராக இருக்கிறது, இரு முகட்டிலும் இல்லை. வழுக்கிக்கொண்டு போனாலும் அந்தச் சமச்சீர் விளைபொருள் விகிதத்தில் தெரியுமே? அதனால் முழுதாக ஒதுக்கிவிட மனமில்லை.

முகில்_இயக்கவியல்

தெரியலாம், தெரியாமலும் போகலாம். உருண்டு வந்த வேகத்தோடு நேராக எதிர்ப்பக்கமே ஏறிவிட்டால் விகிதம் பாதிக்குப் பாதி வராது. அதை ஆற்றல் படத்திலிருந்து சொல்ல முடியாது, பாதையை நேரத்தோடு ஓட்டிப் பார்க்க வேண்டும்.

யாழினி_வேதி

நான் அதே படத்தைப் பின்பக்கமாகவும் போட்டுப் பார்த்தேன். விளைபொருள் -45-லிருந்து கிளம்பினால் முகடு 3-க்கு 105, முகடு 2-க்கு 130, முகடு 1-க்கு 115. நடுவில் எந்தப் பள்ளமும் -45-க்குக் கீழே இல்லை, அதனால் அடிவாரம் மாறவே இல்லை. எதிர் வினைக்கும் முகடு 2-தான். இங்கே 130-க்கும் 115-க்கும் 15 இடைவெளி இருப்பதால் முன்பக்கம் போல இழுபறியும் இல்லை. சரிதானே?

முகில்_இயக்கவியல்

சரி. -40 பள்ளம் வைத்த படத்தையும் அப்படியே திருப்பிப் போட்டுப் பாருங்கள். முன்பக்கம் மூன்றாவது படி வந்தது. பின்பக்கம் என்ன வருகிறது?

யாழினி_வேதி

-45-க்குக் கீழே இன்னும் எதுவும் இல்லை... முகடு 2, அதே 130. முன்பக்கம் ஒரு முகடு, பின்பக்கம் வேறு முகடு!

சதீஷ்_கே

ஒரே வினையில் போகவும் வரவும் வேறு வேறு படி தீர்மானிக்குமா? சமநிலையில் இரண்டு பக்கமும் ஒரே பாதைதானே போக வேண்டும்?

முகில்_இயக்கவியல்

பாதை ஒன்றுதான், முகடுகளும் அதே முகடுகள்தான். ஆனால் முன்பக்கம் 100 என்று அளந்தது தொடக்கப் பொருள் எல்லாம் -40 குழியில் போய் நிரம்பிய பிறகு. பின்பக்கம் அளப்பது எல்லாம் விளைபொருளாக இருக்கும்போது. அடிவாரத்தில் நிற்கிற கூட்டம் வேறு வேறு. சமநிலைக்கு அருகில் தொடங்கினால் இரண்டு அளவும் இப்படித் தனித்தனியாக நிற்காது.